ஆறு மாதமும் ஒரு கணக்கு நோட்டும்

(குடும்ப நல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்யாணம் ஆகிப் பத்து வருடம் கழிந்து, அதில் பாதிக்கு மேல் சண்டையிலும் மௌனத்திலும் போன பிறகு, "சரி, பிரிய வேண்டாம், சேர்ந்தே இருப்போம்" என்று ஒரு முடிவுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிரிவதா வேண்டாமா என்ற கேள்வியில் உதவ வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள் இருக்கிறார்கள், குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்த மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லத்தான் அநேகமாக யாரும் இருப்பதில்லை. இருவரும் மனம் நெகிழ்ந்து அழுதிருப்பார்கள், குலதெய்வம் கோவிலுக்குப் போய் வந்திருப்பார்கள். இரண்டு வாரம் வீடு அமைதியாக இருக்கும். மூன்றாவது வாரம் பழைய சண்டை பழைய இடத்தில், பழைய சொற்களோடு தொடங்கும். அப்போது வரும் மனச்சோர்வு முன்பு இருந்ததைவிட ஆழமானது. முன்பெல்லாம் "முயற்சி செய்து பார்த்தால் சரியாகலாம்" என்ற நினைப்பு மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் போய்விடும்.

எதை முதலில் மாற்றுவது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்காததுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை ஒரு தம்பதியரின் கதையோடு சொல்கிறேன். அவர்கள் ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் அல்லர். எங்கள் வேலையில் பல குடும்பங்களில் பார்த்தவற்றைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒரு குடும்பமாக்கிச் சொல்கிறேன்.

கதைக்குள் போவதற்கு முன், "சேர்ந்தே இருப்போம்" என்ற அந்த முடிவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டென்வர் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்டான்லி, ஹோவர்ட் மார்க்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தாம்பத்தியத்தில் ஒருவரை நிறுத்தி வைத்திருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று, இவரோடு வாழ வேண்டும் என்று உள்ளிருந்து எழும் விருப்பம். மற்றது, போக விடாமல் வெளியிலிருந்து பிடித்திருப்பவை: குழந்தை, வீட்டுக் கடன், பிறந்த வீட்டின் மானம், தனியாக வாழப் பணமில்லாமை. கடினமான பத்தாண்டின் முடிவில் நம் ஊர்த் தம்பதியர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இரண்டாவதன் பலத்தில் எடுக்கப்படுவது. அதில் அவமானம் எதுவும் இல்லை. கஷ்ட காலத்தில் ஒரு குடும்பத்தைச் சிதறாமல் காத்தது அந்தக் கட்டுகள்தான். ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு "இனி ஆயுள் முழுக்க அன்பாக இருப்போம்" என்று சத்தியம் செய்தால், இருவர் மனதிலும் அது ஒட்டாது. இல்லாத விருப்பத்தைச் சத்தியம் உண்டாக்கித் தராது.

மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டோஹர்ட்டி, பிரிவின் விளிம்பில் நிற்பவர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார். அதிகபட்சம் ஐந்து அமர்வு. அதில் தம்பதியர் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: இருப்பது போலவே இருப்பது, பிரிவது, அல்லது ஆறு மாதம் பிரிவு என்ற பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரும் ஆலோசனைக்கு வந்து முழு முயற்சி செய்து பார்ப்பது. அந்த மூன்றாவது வழியில் உள்ள "ஆறு மாதம்" என்பதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நொந்து போன ஒருவரால் ஆயுளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆறு மாதத்துக்குக் கொடுக்க முடியும். அந்த ஆறு மாதத்துக்குள் எந்தச் சண்டையிலும் "எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்", "உனக்கு டைவர்ஸ்தான்" என்று சொல்வதில்லை. இரண்டு பக்கத்து உறவுகளையும் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பதில்லை. ஆறாம் மாத முடிவில் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது. உறுதியைப் புதுப்பிப்பது என்றால் தொடக்கத்தில் இவ்வளவுதான் இருக்க வேண்டும். மிச்சம் விருப்பம் வளர்ந்தால் வளரும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடி உதை இருக்கும் வீட்டுக்கு, பயந்து பயந்து வாழும் வீட்டுக்கு, நான் இன்று சொல்வது பொருந்தாது. அங்கே முதல் மாற்றம் பாதுகாப்பு ஒன்றுதான். ஆறு மாதம் பொறுத்துப் பார் என்று யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதே போல் குடி கட்டுமீறிப் போயிருந்தாலோ, வேறு ஓர் உறவு இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தாலோ, அதை நிறுத்துவதற்கு முன் வேறு எந்த மாற்றமும் நிற்காது. இவை இல்லாத, ஆனால் கசந்து போன வீடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குத்தான் இந்தப் பேச்சு.

இப்போது அந்தத் தம்பதியர். திருப்பூர்ப் பக்கம். கணவர் சிறிய அளவில் பவர் டேபிள் யூனிட் வைத்து, பெரிய கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கித் தைத்துக் கொடுப்பவர். அந்த அம்மா தனியார் பள்ளியில் ஆசிரியை. 2014இல் கல்யாணம். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது வாரக் கூலி கொடுக்கக் கையில் நோட்டு இல்லாமல் அவர் திண்டாடினார். அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்தது. 2020இல் ஊரடங்கில் யூனிட் மூடிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் மனைவியின் நகையில் 22 பவுனைப் பீரோவிலிருந்து எடுத்து வங்கியில் அடகு வைத்து 5 லட்சம் வாங்கினார். மனைவியிடம் சொல்லவில்லை. தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ள நகையை எடுக்கப் போன அன்றுதான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. பிறகு 2021, 2022இல் நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்தது. நகையைத் திருப்ப முடியவில்லை. வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனது. இடையில் ஒரு மகள் பிறந்து பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். மாமியார் கூடவே இருக்கிறார். கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கத் தொடங்கியும் வருடங்கள் ஆயின.

இவர்களிடம் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று தனித்தனியாக எழுதச் சொன்னால் என்ன வரும் என்று ஊகிக்கலாம். அந்த அம்மாவின் தாளில் முதலில் நகை. "திருப்பித் தரணும், அதுக்கு முன்னாடி செஞ்சது தப்புன்னு வாயால சொல்லணும்." அடுத்து மாமியார்: தனிக்குடித்தனம் வேண்டும். பிறகு போன், வீட்டுக்கு வந்தும் அதையே பார்ப்பது. அவருடைய தாளில் ஒரே வரி: "வீட்டுக்குள்ள வந்தா நிம்மதி வேணும்." கொஞ்சம் கேட்டால் இன்னொன்று வந்தது: "பிள்ளை முன்னாடி என்னைத் திருடன் மாதிரிப் பேசறதை நிறுத்தணும்."

இந்தப் பட்டியலைப் பார்க்கும் எந்த நல்ல மனமும் நகையில் தொடங்கத்தான் சொல்லும். மிகப் பெரிய காயம் அதுதானே. உறவினர்கள் கூடினால் அதைத்தான் சொல்வார்கள்: "முதல்ல மன்னிப்புக் கேளுப்பா." அவரும் கேட்பார். தலையைக் குனிந்துகொண்டு, எல்லார் முன்னிலையிலும். அந்த அம்மாவுக்கு அது போதாது. ஏனென்றால் அடுத்த முறை பீரோவில் இருக்கும் மிச்ச நகைக்கு என்ன உத்தரவாதம் என்று அவருக்குத் தெரியாது. "இன்னும் எத்தனை தடவை மன்னிப்புக் கேக்கறது" என்று இவருக்குக் கோபம் வரும். கேட்கப்பட்ட மன்னிப்பும் வீணாகி, இனி கேட்கவே முடியாததாகிவிடும். தனிக்குடித்தனம் பணம் சார்ந்தது, மாமியாரின் உடல்நிலை சார்ந்தது. இந்த வாரம் நடக்காது. ஒரே அறையில் படுங்கள் என்று சொல்வது இன்னும் கொடுமை. வெறுப்பு மிச்சம் இருக்கும்போது உடம்பை முதலில் அனுப்பி வைக்க முடியாது. "ரெண்டு பேரும் ஊட்டிக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்று சொல்பவர்களும் உண்டு. திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வங்கியிலிருந்து வட்டித் தவணைக்கான குறுஞ்செய்தி வரும்.

எனவே எது பெரியது என்று கேட்பதை நாங்கள் சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறோம். போன வாரத்தில் ஒரே ஒரு மாலையை எடுத்து, நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொல்கிறோம். இருவரையும் கூட வைத்துக்கொண்டு. காரணம் சொல்லக் கூடாது, நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

இவர்கள் சொன்னது இப்படி. இரவு எட்டு மணிக்கு அவர் வண்டியை நிறுத்துகிறார். சத்தம் கேட்டதும் அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ பிசைகிறது. அவர் செருப்பைக் கழற்றும்போதே, "பேங்க்குக்குப் போனீங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்கிறார். அவர் பதில் சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டு போனை எடுக்கிறார். "உங்களைத்தானுங்க கேட்டேன்." "வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?" "வேற எப்பக் கேக்கறது? காலைலயும் ஓடிடறீங்க." அவர் எழுந்து மாடிக்குப் போகிறார். அந்த அம்மா படிக்கட்டு வரை வந்து, "வெச்சது என் நகைங்க" என்று சத்தமாகச் சொல்கிறார். உள்ளேயிருந்து மாமியார், "வூட்டுக்கு வந்தவனைச் சோறு திங்க விடு" என்கிறார். பத்து மணிக்கு அவர் இறங்கி வந்து ஆறிய சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார். வண்டிச் சத்தத்திலிருந்து மாடிக்கதவு சாத்தும் வரை நான்கைந்து நிமிடம். வாரத்தில் நான்கு நாளாவது இதே என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒருவர் கேட்டுத் துரத்துவது, மற்றவர் விலகி ஓடுவது என்ற இந்தச் சுழலை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் ஆராய்ந்தார். துரத்துவது பெண் குணம், ஓடுவது ஆண் குணம் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனைவி ஒரு மாற்றத்தைக் கேட்கும் பேச்சையும் கணவர் ஒரு மாற்றத்தைக் கேட்கும் பேச்சையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். மனைவி கேட்கும் பேச்சில் வழக்கமான படம்தான் இருந்தது. கணவர் கேட்கும் பேச்சில் ஆண், பெண் என்ற அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போயிற்று. இப்போது இருக்கும் நிலைமை யாருக்கு வலிக்கிறதோ அவர் துரத்துகிறார். நிலைமை மாறினால் யாருக்கு இழப்போ அவர் ஓடுகிறார். இதை அந்தத் தம்பதியரிடம் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். அவரை வாயாடி என்று இத்தனை வருடம் வீடே சொல்லியிருந்தது. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

இன்னோர் ஆய்வும் இங்கே உதவும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிபில் கேரரும் ஜான் காட்மனும் 124 புதுத் தம்பதியரைக் கருத்து வேறுபாடுள்ள ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேச வைத்துப் படம் பிடித்து, ஆறு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னால் பிரிந்தவர்களையும் சேர்ந்திருந்தவர்களையும் வேறுபடுத்திக் காட்ட அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடமே போதுமாக இருந்தது என்று 1999இல் எழுதினார்கள். அது புதிதாய் மணமானவர்களைப் பற்றிய ஆய்வு. பத்து வருடம் வாழ்ந்தவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பேச்சு எங்கே தொடங்குகிறது, எந்தத் தொனியில் தொடங்குகிறது என்பதற்கு அவ்வளவு எடை இருக்கிறது என்பதை எங்கள் அறையிலும் தினமும் பார்க்கிறோம். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று இருவருக்குமே தெரியும்.

மாலையை இப்படி விரித்து வைத்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். இந்த நான்கு நிமிடத்தில் உங்களுக்கு எதைக் கண்டு பயம்? அந்த அம்மா சொன்னார்: "எங்க என்ன கடன் இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒருநாள் நகையை ஏலம் விட்டுடுவாங்கன்னு நோட்டீஸ் வந்தாத்தான் தெரியும்." அவர் வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "கதவைத் திறந்தா எந்த நேரமும் விசாரணைதான். எப்ப முடியும்னு தெரியாது." ஒருவருக்குத் தகவல் இல்லை என்ற பயம். மற்றவருக்கு எல்லை இல்லை என்ற பயம். அவர் ஓட ஓட இவருக்குத் தகவல் இன்னும் குறைகிறது. இவர் கேட்கக் கேட்க அவருக்கு எல்லை இன்னும் அழிகிறது.

முதல் மாற்றம் இந்த இரண்டு பயமும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கு சொல்ல வந்தது. ஒருவருடைய குறையை மட்டும் தீர்க்கும் மாற்றத்தை மற்றவர் தண்டனையாகத்தான் செய்வார். தண்டனை நெடுநாள் நடக்காது. இரண்டு பேருக்கும் ஒரே செயலில் ஏதாவது கிடைக்க வேண்டும். அந்தச் செயல் இந்த வாரமே, கையில் இருக்கும் பணத்தில், வேறு யாருடைய சம்மதமும் இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். நடந்ததா இல்லையா என்று வெளியில் நின்று ஒருவர் பார்த்தாலும் சொல்ல முடிய வேண்டும். "அன்பா நடந்துக்கறேன்" என்பதை யாரால் அளக்க முடியும்?

இவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நோட்டாக வந்து அமைந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, மகள் பாட்டு வகுப்பில் இருக்கும் நேரத்தில், சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்வது. அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் அந்த வாரம் யூனிட்டுக்கு வந்த பணம், கூலியாகப் போனது, எந்தெந்தக் கடனுக்கு எவ்வளவு கட்டியது, அடுத்த தவணை எந்தத் தேதி என்பதை அவர் தன் கையால் எழுத வேண்டும். நகைக் கடன் ரசீதின் நகல் அந்த நோட்டின் அட்டைக்குள் இருக்க வேண்டும். அந்த அரை மணியில் அந்த அம்மா என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எழுந்து போகாமல் அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஈடாக, மற்ற ஆறு நாளும் வாசற்படியில் பணம் பற்றிய பேச்சு இல்லை. நடுவில் ஏதாவது தோன்றினால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கேட்பது.

பேச்சு சூடேறினால் மட்டும் எழுந்து போக அனுமதி உண்டு; ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குறைந்தது இருபது நிமிடம். கோபத்தில் வேகமாகத் துடிக்கும் இதயம் தணிய அவ்வளவு நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மாடியில் நின்று "இவ எப்பவுமே இப்படித்தான்" என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் அதுவும் தணியாது. அவர் இத்தனை வருடம் மாடிக்குப் போனது தவறில்லை என்று நான் சொன்னேன். எப்போது இறங்கி வருவேன் என்று சொல்லாமல் போனதுதான் அந்த அம்மாவைப் படிக்கட்டு வரை இழுத்து வந்தது.

இது சின்ன விஷயமாகத் தெரியும். நகைக்காக அழுது வந்த ஒரு பெண்ணின் கையில் நாற்பது பக்க நோட்டைக் கொடுப்பது கல்மனமாகக்கூடத் தோன்றலாம். அதனால்தான் முதலிலேயே அவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது: நகை விஷயம் ஒதுக்கப்படவில்லை, மன்னிப்பும் ஒதுக்கப்படவில்லை, அவை நிற்பதற்கு ஒரு தரை வேண்டும், அதை முதலில் போடுகிறோம் என்று. இதைச் சொல்லாமல் தொடங்கினால் பாதிக்கப்பட்டவர் தன்னைத்தான் அடங்கச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார், அப்படி எடுத்துக்கொள்வது நியாயமும்கூட.

எங்கே தவறியது என்றும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஞாயிறு ஒழுங்காக நடந்தது. மூன்றாவது ஞாயிறு அந்த அம்மா 2020ஆம் வருடத்துக்குப் போய்விட்டார். "அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." கணக்குப் பார்க்கும் அரை மணி, வழக்கு விசாரிக்கும் அரை மணியாயிற்று. அவர் நேரம் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். நான்காவது ஞாயிறு அவசர டெலிவரி என்று யூனிட்டுக்கே போய்விட்டார். இந்த இடத்தில்தான் பல தம்பதியர் "இதுவும் சரிப்படலை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு மாற்றம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் தவறாமல் நடந்ததா என்று எண்ணக் கூடாது. தவறிய பிறகு யார் எவ்வளவு சீக்கிரம் அதைத் திரும்ப எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இங்கே அவர் திங்கட்கிழமை இரவே, யாரும் சொல்லாமல், நோட்டை எடுத்து எழுதி மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போயிருந்தார். அந்த அம்மா காலையில் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் இருவரும் இதைத் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இருவருமே மற்றவர் செய்ததைத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆறாவது ஞாயிறு பெரிய சோதனை வந்தது. அவர் நோட்டில் ஒரு புதிய வரி எழுதினார். வெளியில் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கியிருந்தார். இதுவரை யாருக்கும் தெரியாது. மறைத்து வைத்த கடன் வெளியே வருவதைத் துரோகம் இரண்டாம் முறை நடந்ததாக எடுத்துக்கொள்வதா, நேர்மை முதல் முறை நடந்ததாக எடுத்துக்கொள்வதா என்பது அந்த அரை மணியில் தெரிந்துவிடும். அந்த அம்மா எழுந்து போனார். "இருபது நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை நேரம் சொல்லிவிட்டு எழுந்தவர் அவர்.

திரும்பி வந்து அவர் செய்தது கணக்கு. நகைக் கடன் 5 லட்சத்துக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 45,000 வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கடன், நகைக் கடனைவிட அதிகம் வட்டி தின்றுகொண்டிருந்தது. வருடா வருடம் நகையைத் திருப்பப் பணம் சேராமல் போனதற்கு இதுவும் காரணம் என்று இருவரும் ஒரே நேரத்தில், ஒரே தாளில் பார்த்தார்கள். அதுவரை அந்த அம்மாவுக்கு அவர் அக்கறையில்லாதவர். அவருக்கு அந்த அம்மா விடாமல் குத்துபவர். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் எதிரே அந்த மூன்று வட்டி வந்து உட்கார்ந்தது.

அந்த அம்மாவுக்குச் சீட்டுப் பணம் வர வேண்டியிருந்தது. அதைக் கொடுத்து வெளிக்கடனை அடைக்கலாம் என்று சொன்னது அந்த அம்மாவேதான். இதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். கணவர் கடனை மனைவி அடைப்பதே நல்ல மனைவிக்கு அழகு என்ற அழுத்தம் நம் வீடுகளில் எப்போதும் இருக்கிறது. எனவே ஒரு வாரம் கழித்து முடிவெடுக்கச் சொன்னேன், தனியாகவும் கேட்டேன். அந்த அம்மா இரண்டு நிபந்தனையோடு வந்தார். மாதம் மிச்சமாகும் 4,500 ரூபாய் வேறு எதற்கும் போகாமல் நகைக் கடனுக்கே போக வேண்டும். இனி தனக்குத் தெரியாமல் கையெழுத்து எதுவும் கூடாது. இரண்டையும் கணவர் நோட்டில் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடாமலேயே, "உன்னைக் கேக்காம நகையை எடுத்தது தப்பும்மா. கேட்டா நீ குடுத்திருப்பே, அதுவும் தெரியும். கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார். நான்கு வருடமாகக் கேட்டு வராத சொல் அது. கேட்காதபோது வந்ததால்தான் அந்த அம்மாவால் அதை வாங்கிக்கொள்ள முடிந்தது என்று நினைக்கிறேன்.

முதல் மாற்றம் எல்லா வீட்டுக்கும் நோட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கைக்குழந்தை இருந்து, இரவெல்லாம் ஒருவரே கண் விழிக்கும் வீட்டில், முதல் மாற்றம் தூக்கத்தைப் பங்கிடுவதாக இருக்கலாம். ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத ஒருவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. ஒருவர் மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், எழுந்திருக்கவே முடியாமல் இருந்தால் அது தாம்பத்தியச் சண்டையின் விளைவு மட்டும்தானா என்று மனநல மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வதே முதலில் செய்ய வேண்டியது. ஒரு மாலையை நிமிடம் நிமிடமாக விரித்துப் பார்ப்பதும், இரண்டு பயங்களும் சந்திக்கும் இடத்தைத் தேடுவதும் மட்டுமே எல்லா வீட்டுக்கும் பொது.

இரண்டாவது மாற்றத்தை எப்போது தொடங்குவது என்று கேட்பீர்கள். முதல் மாற்றத்தை நினைவூட்ட ஆள் தேவைப்படாத நிலை வந்த பிறகு. இவர்களுக்கு மூன்றாவது மாதத்தின் நடுவில் வந்தது. அப்போதும் பெரியதை எடுக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு அவர் வந்ததும் என்ன நடக்கிறது என்று மறுபடியும் அந்த மாலையைத்தான் விரித்தோம். வாசற்படிக் கேள்வி நின்றுவிட்டது. ஆனால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இருவரும் பேசாமல் சாப்பிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சண்டை போன இடத்தில் அன்பு தானாக வந்து உட்காரும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றத்தைத் தரும். எனவே மகளைத் தூங்க வைத்த பிறகு பத்து நிமிடம் மாடியில் சேர்ந்து உட்கார்வது என்று வைத்தோம். பணமும் மாமியாரும் அந்தப் பத்து நிமிடத்தில் வரக் கூடாது. முதல் சில நாட்கள் பேச எதுவும் இல்லாமல் சங்கடமாக இருந்ததாகச் சொன்னார்கள். பிறகு அவர் யூனிட்டில் புதிதாக வந்த டெய்லரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா பள்ளியில் நடந்ததைச் சொன்னார். தனித்தனி அறை விஷயத்தை நான் எடுக்கவே இல்லை. அது எப்போது மாறியது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமியார் விஷயம் தீரவில்லை. காட்மன் தம்பதியர் பலரை நான்கு வருட இடைவெளியில் மீண்டும் அழைத்துப் பேச வைத்தபோது, அவர்களுடைய கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் அப்படியே இருந்ததைக் கண்டார். சேர்ந்து வாழ்பவர்கள் பெரும்பாலான பிரச்சினைகளைத் தீர்த்துவிட்டு வாழ்வதில்லை. அவற்றோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்துகொண்டு வாழ்கிறார்கள். தனிக்குடித்தனம் வேண்டும் என்ற ஆசை அந்த அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது. தாயை விட்டுவிட்டு வர முடியாது என்ற நிலை அவருக்கு இன்னும் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியது. "வூட்டுக்கு வந்தவனைச் சோறு திங்க விடு" என்று மாமியார் குரல் கொடுத்த ஓர் இரவில், "நாங்க பேசிக்கறோம், நீங்க போய்ப் படுங்கம்மா" என்று கணவர் சொன்னாராம்.

ஆறாம் மாதம் முடிந்தபோது இருவரும் வந்தார்கள். நகையில் இன்னும் ஒரு பவுன்கூட வீட்டுக்கு வரவில்லை; ஆனால் வட்டி மட்டுமே கட்டிக்கொண்டிருந்த கடனில் முதன்முதலாக அசல் குறைந்திருந்தது. இனி என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆயுளுக்கும் என்று இருவரும் சொல்லவில்லை. அந்த அம்மா, "இன்னொரு ஆறு மாசம் போட்டுக்கலாங்க" என்றார். அவர் தலையாட்டிவிட்டு, நோட்டு தீர்ந்துவிட்டது, போகும் வழியில் புதிதாக வாங்க வேண்டும் என்றார்.